'நான்' என்று பாடுவது யார்?

கதைப்பாடல் எழுத உட்காரும் இளம் தோழர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே 'நான்' என்று தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கொலையைப் பற்றிய பாட்டென்றால் கொல்லப்பட்டவரே பேசுகிறார். தீ வைத்த சம்பவமென்றால் தீக்குள் நிற்பவர் பாடுகிறார். கேட்டால், "அப்பத்தான் தோழர் நெஞ்சுல படும்" என்கிறார்கள். படும்தான், முதல் ஒரு நிமிடம் வரைக்கும். அதற்குப் பிறகு அந்தப் பாட்டால் கதையை நகர்த்த முடியாமல் போவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். கதைப்பாடலில் தன்மையா படர்க்கையா என்பதை உணர்ச்சியின் அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது என்பது எங்கள் கருத்து. பாடுகிறவருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும், எந்த இடத்தில் நின்று தெரியும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. நம்மில் பலர் எழுத நினைக்கும் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு எழுதியே பார்ப்போம். கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்ற விவசாயத் தொழிலாளர்களின் தெருவுக்குள் நிலக்கிழார் தரப்பு ஆட்கள் புகுந்தார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் இப்படி நேரில் நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

கதையின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனை குடிசை, மறுமுனை நீதிமன்றம். நடுவே நான்கைந்து ஆண்டுகள். பாட்டு இந்த இரண்டு முனைகளையும் தொட வேண்டும் என்று நினைத்தால், யார் குரலில் பாடுவது என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது.

முதலில் எல்லோரும் எழுதும் விதத்தில் எழுதிப் பார்ப்போம். குடிசைக்குள் நிற்கும் ஒரு தாய் பாடுகிறாள்:

ராமையா குடிசையில
நானும் ஒடுங்கி நின்னேனே
இடுப்புல பச்சப்புள்ள
இருட்டுல மூச்சடக்கி நின்னேனே
வெளியில காலடி
வேலிப்படல் சரியக் கேட்டேனே
கதவ இழுத்துச் சாத்தி
நாதாங்கி மாட்டக் கேட்டேனே

கெட்ட வரிகள் இல்லை. இடுப்புக் குழந்தையும் நாதாங்கிச் சத்தமும் தன்மையில் மட்டுமே இவ்வளவு பக்கத்தில் வரும். ஆனால் எட்டு வரியில் இந்தப் பாட்டு முடிந்துவிட்டது. ஒன்பதாவது வரியில் தீ வந்தாக வேண்டும், பத்தாவதில் அவள் சாக வேண்டும். செத்தபின் யார் பாடுவது? ஆவி பாடும் என்று வைத்துக்கொள்ளலாம், நம் மரபில் அதற்கு இடம் உண்டு. அப்படியானால் அந்த ஆவிக்கு எல்லாம் தெரியுமா? 44 என்ற எண்ணிக்கை அவளுக்கு எப்படித் தெரிந்தது? இருட்டில் நெருக்கியடித்து நின்றவள் தலையை எண்ணிக்கொண்டா இருந்தாள்? பாட்டெழுதுகிறவர் செய்தியில் படித்த எண்ணை அவள் வாயில் வைக்கும் அந்த நொடியில் கேட்பவருக்கு ஏதோ இடறுகிறது. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், தாயின் குரல் போய்த் துண்டறிக்கையின் குரல் வந்துவிட்டதைக் காது பிடித்துவிடுகிறது.

தன்மையின் விலை இதுதான். 'நான்' என்று சொன்னவுடன் அந்த ஆளின் கண்ணும் காதும் எட்டும் தூரத்துக்குள் பாட்டு அடைபடுகிறது. அந்த அடைப்பே பலமாகவும் இருக்க முடியும். ஒரே இரவு, ஒரே ஆள், ஒரே அறை என்று கதை சிறியதாக இருந்தால் தன்மையை மிஞ்ச ஒன்றும் இல்லை. வெண்மணிக் கதை அப்படிப்பட்டது இல்லை. அதன் பாதி அநியாயம் 1973இல் இருக்கிறது. அதைத் தாயின் குரலால் தொடவே முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. உள்ளே இறந்தவர்களின் கடைசிச் சொற்கள் என்று நாம் எழுதும் எதுவும் நம் கற்பனைதான். கற்பனை செய்யக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 'நான்' என்ற சொல் கற்பனையைச் சாட்சியம்போல் காட்டிவிடும். ஒரு கொலை நடந்ததா, யார் செய்தார்கள் என்றே நீதிமன்றம் வரை சண்டை நடந்திருக்கும் விஷயத்தில், இட்டுக்கட்டிய சாட்சியத்தை நாமே பாட்டில் வைப்பது எதிரே நிற்பவனுக்குத்தான் வசதி.

சரி, படர்க்கைக்குப் போவோம். இரண்டாவது வரைவு இப்படி வரும்:

கீழத்தஞ்ச வெண்மணியில
கிறிஸ்துமசு ராத்திரியில
நாப்பத்தி நாலு உசுரு
நெருப்போட போயிருச்சு
கூலி கேட்ட குத்தத்துக்குக்
குடிச பத்தி எரிஞ்சிருச்சு

இப்போது ஊர், நாள், எண்ணிக்கை, காரணம் எல்லாம் ஆறே வரியில் வந்துவிட்டன. பாட்டு எந்த ஆண்டுக்கும் நடந்து போகும், நீதிமன்றத்துக்குள்ளும் நுழையும். ஆனால் வினைச்சொற்களைப் பாருங்கள். உசுரு போயிருச்சு. குடிசை எரிஞ்சிருச்சு. யாருமே ஒன்றும் செய்யவில்லை! மின்கசிவில் எரிந்த குடிசையைப் பற்றியும் இதே வரிகளைப் பாடலாம். படர்க்கைக்கு வரும் பெரிய நோய் இது. எட்டி நின்று சொல்லத் தொடங்கியவுடன் செய்தவன் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறான்.

தமிழில் இதற்கு வைத்தியம் வினைக்குள்ளேயே இருக்கிறது. எரிந்தது என்பதற்குப் பக்கத்தில் எரித்தார்கள் உண்டு. செத்தார் என்பதற்குப் பக்கத்தில் கொன்றார்கள் உண்டு. கதவு அடைபட்டது என்பதற்குப் பக்கத்தில் கதவை அடைத்தார்கள் உண்டு. படர்க்கையில் ஒரு பாட்டை எழுதி முடித்தபின் வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுப் பாருங்கள். எரிந்தது, போனது, நடந்தது, விழுந்தது என்ற வகையே வரிசையாக வந்தால் கொலைகாரர்களை உங்கள் பாட்டு ஏற்கெனவே விடுவித்துவிட்டது.

இதைவிட நுணுக்கமான ஒன்று '-ஆம்' என்ற விகுதி. கதை சொல்லும்போது நம் நாக்கில் அது தானாக வரும்: ஒரு ஊராம், அந்த ஊரில் ஒரு பண்ணையாராம். பாட்டி சொல்லும் கதைக்கு அது அழகு. 'தீ வச்சாங்களாம்' என்று பாடினால் என்ன ஆகிறது? நான் பார்க்கவில்லை, சொல்லக் கேள்வி, உண்மையோ பொய்யோ என்று பாடுகிறவரே ஒதுங்கிக்கொள்கிறார். சந்தத்துக்கு ஓர் அசை குறைகிறதே என்று '-ஆம்' போட்டு நிரப்பும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கொலையைச் சொல்லும் வரியில் மட்டும் வேண்டாம்.

படர்க்கையில் தமிழ் நம்மிடம் இன்னொரு முடிவையும் கேட்கிறது. ஆங்கிலப் பாட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. 'வந்தேன்' என்ற சொல்லில் ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்று எதுவும் தெரியாது. படர்க்கைக்குப் போனவுடன் வந்தான், வந்தாள், வந்தாரு, வந்துச்சு என்று ஒவ்வொரு வரியிலும் மரியாதையை அளந்து கொடுத்தாக வேண்டும். பழைய கதைப்பாடல்களில் வீரனும் ராசாவும் சாமியும்கூட வந்தான், போனான்தான். அங்கே அது உரிமை. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பண்ணையாரின் வாயால் 'வாடா போடா' என்று கூப்பிடப்பட்ட அறுபது வயதுக்காரரைப் பற்றி, மேடையில் மைக் பிடித்த இருபது வயதுப் பையன் 'வந்தான், செத்தான்' என்று பாடினால், கூட்டத்தில் இருக்கும் அவருடைய பேரனுக்கு அது எப்படிக் கேட்கும்? மரபு என்று நாம் விளக்கம் சொல்லலாம், பேரன் காதில் அது பண்ணையாரின் வாய்மொழிதான். 'வந்தாரு, வந்தாங்க' என்று பாடுவதில் சந்தம் ஒன்றும் கெட்டுவிடாது.

அதில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 'வந்தாங்க' என்பது ஒருவருக்கு மரியாதையும் ஆகும், பலருக்குப் பன்மையும் ஆகும். ஒடுங்கி நின்றவர்களும் 'நின்னாங்க', தீ வைத்தவர்களும் 'வச்சாங்க' என்றால் நாலாவது வரியில் யார் யாரென்று குழம்பும். இதற்கு வினையாலணையும் பெயர் கைகொடுக்கும்: உள்ளே இருந்தவங்க, வெளியே வந்தவங்க. பாட்டு முழுக்க 'இருந்தவங்க' என்றால் ஒரு பக்கம், 'வந்தவங்க' என்றால் மறுபக்கம். இரண்டு முறை கேட்டால் கூட்டத்துக்குப் பழகிவிடும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும், தாயின் இடுப்புக் குழந்தை தந்த நெருக்கம் படர்க்கையில் கிடைக்கவில்லை என்பது உண்மை. அந்த நெருக்கத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? வெளிநாட்டுப் பாட்டுக்காரர்கள் இருவர் செய்ததைச் சொல்கிறோம். ஒருவர் வெண்மணியை நினைவூட்டும் சம்பவத்தையே பாடியவர்.

1913 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கால்யுமெட் என்ற ஊரில், வேலைநிறுத்தத்தில் இருந்த செம்புச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இத்தாலியன் ஹால் என்ற கட்டடத்தின் மாடியில் விழா நடந்தது. தீ இல்லாத இடத்தில் யாரோ 'தீ' என்று கத்தினார்கள். படிக்கட்டில் நெரிந்து 73 பேர் செத்தார்கள், அவர்களில் 59 பேர் குழந்தைகள். இதை உட்டி கத்ரி '1913 மாசக்கர்' என்ற பாட்டாக்கினார். சம்பவத்தின்போது அவருக்கு வயது ஒன்றரைகூட ஆகவில்லை. தொழிற்சங்கத் தலைவர் எல்லா ரீவ் புளூர் எழுதிய தன்வரலாற்றில் படித்துத்தான் அவருக்கு அது தெரியும். ஆகவே 'நான் அங்கே இருந்தேன்' என்று பாட அவருக்கு வழியில்லை. எட்டி நின்று செய்தியாகச் சொல்லவும் அவருக்கு மனமில்லை. அவர் கேட்பவரை 'நீ' என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். படியேறுகிறோம், அங்கே உள்ளவர்களோடு கைகுலுக்குகிறோம், அவர்கள் கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொள்கிறோம், ஒரு சிறுமி பியானோ வாசிக்க உட்காரும்போது சத்தம் போடாமல் நிற்கிறோம். கத்தல் கேட்கும்போது நாமும் அந்த மாடியில் இருக்கிறோம். முன்னிலை என்ற மூன்றாவது வழியை நம்மவர்கள் ஏனோ நினைத்தே பார்ப்பதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடியாட்கள் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. அது உண்மையா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றுவரை விவாதம் இருக்கிறது. அருகில் அழைத்துப் போகும் குரலுக்கு நம்பவைக்கும் சக்தி அதிகம் என்பதால் சரிபார்க்கும் பொறுப்பும் அதிகம்.

இன்னொரு பாட்டு பாப் டிலனின் 'தி லோன்சம் டெத் ஆஃப் ஹேட்டி கேரல்'. 1963 பிப்ரவரியில் பால்டிமோர் நகரத்து ஓட்டல் விருந்தொன்றில் மது பரிமாறும் வேலை செய்த 51 வயதுக் கறுப்பினப் பெண்ணை, வில்லியம் சான்ட்சிங்கர் என்ற பணக்கார இளைஞன் கைத்தடியால் அடித்தான். சில மணி நேரத்தில் அவர் இறந்தார். அவனுக்குக் கிடைத்த தண்டனை ஆறு மாதச் சிறை. டிலன் முழுக்கப் படர்க்கையில் பாடுகிறார். பாட்டின் முதல் செயலே அடித்தவனின் பெயரோடு, செய்வினையாக வருகிறது. அடித்தவன் யார், செத்தவர் யார் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் வரும் பல்லவி, இன்னும் அழும் நேரம் வரவில்லை என்று கேட்பவரைத் தடுக்கிறது. கடைசிப் பத்தியில் நீதிமன்றம், ஆறு மாதம் என்ற சொல், பிறகுதான் அழ அனுமதி. கொலையை விடத் தீர்ப்பு பெரிய அநியாயம் என்ற வாதத்தை அந்தப் பாட்டு ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை, கண்ணீரைத் தள்ளிப்போட்டே சொல்லிவிட்டது. ஹேட்டி கேரலே 'நான்' என்று பாடியிருந்தால் இது நடந்திருக்காது. தீர்ப்பு வந்தபோது அவர் இல்லை.

வெண்மணிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. அங்கேயும் கதையின் கடைசி அடி தீர்ப்புதான்.

நம் மரபுக்கு வருவோம். தன்மை வேண்டுமா படர்க்கை வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயம் நம் கதைப்பாடலில் எப்போதும் இருந்ததில்லை. வில்லுப்பாட்டில் புலவர் கதையைப் படர்க்கையில் கொண்டுபோவார். கதைமாந்தர் பேச வேண்டிய இடத்தில் அவரே அந்த ஆளாகி 'நான்' என்பார். பக்கப்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போட, மறுபடி கதைசொல்லியாகிவிடுவார். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வரும் வேடம் தன்னைத்தானே படர்க்கையில் சொல்லிப் பாடிக்கொண்டே வரும், கட்டியங்காரன் 'யாரய்யா நீங்க' என்று கேட்டபின் 'நான்' என்று பேசும். ஆளை அறிவித்துவிட்டுப் பிறகு 'நான்' என்பதுதான் அங்கே ஒழுங்கு. நாம் மேடையில் பாடும் பாட்டுகளில் அந்த அறிவிப்பு காணாமல் போய்விட்டது. ஜீன்ஸ் போட்ட பையன் திடீரென்று 'என் தாலி எரிஞ்சுதே' என்று பாடுகிறான். பின்வரிசையில் இருப்பவர்கள் யார் தாலி என்று யோசிப்பதற்குள் இரண்டு வரி போய்விடுகிறது.

மொழியும் இதற்கு வசதி செய்து வைத்திருக்கிறது. ஒரு '-னு' போதும். படர்க்கை வரிக்குள் ஒரு ஆளின் சொந்தக் குரலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, '-ன்னாரு' என்று மூடிவிடலாம். மூன்றாவது வரைவை அப்படித்தான் எழுதிப் பார்த்தோம். குடிசைக்குள் போகாமல், வெளியே வயலில் பதுங்கியிருக்கும் ஒரு முதியவரைப் பாட்டு பின்தொடர்கிறது. இவர் நாங்கள் படைத்துக்கொண்ட ஆள். அதனாலேயே அவருக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் உண்மையில் இருந்த யாரோ ஒருவரின் சாட்சியம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

சம்பா வயலுக்குள்ள
சத்தமத்துப் படுத்தவரு
வடக்கால வெளிச்சங் கண்டு
வரப்போரம் தல தூக்கி
'விடியலையே இன்னும்'னாரு
வேற ஒண்ணும் சொல்லலியே

வந்தவங்க வெளிய நின்னு
வாசக் கதவ அடச்சாங்க
இருந்தவங்க எல்லாரையும்
எரிக்கத்தான் தீ வச்சாங்க

சாம்பல் ஆறும் முன்ன வந்து
தலையத் தலைய எண்ணுனாரு
முப்பதுல நிறுத்திப்புட்டு
மொதல்லேந்து எண்ணுனாரு
'கண்ணு ரெண்டும் மங்கிப்போச்சு
நான் தப்பா எண்ணுறேன்'னாரு

இங்கே 'நான்' ஒரே ஒருமுறைதான் வருகிறது. 44 என்ற எண்ணுக்கும் வழி கிடைத்துவிட்டது. பாட்டெழுதுகிறவர் அதைச் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார். தீ வைக்கும் வரிகளில் வினைகள் செய்வினைகள். '-ஆம்' எங்கேயும் இல்லை. குடிசைக் கதவுக்கு உள்ளே பாட்டு நுழையவில்லை. பயத்தினால் அப்படிச் செய்யவில்லை, உள்ளே நடந்தது நமக்குத் தெரியாது என்பதால். அடைத்த கதவுக்கு வெளியே நிற்கும்போது கேட்பவர் தாமாகவே உள்ளே போய்விடுகிறார் என்பதை இதைப் பாடிப் பார்த்தபோது உணர்ந்தோம்.

இந்த முதியவருக்கு இன்னொரு பயன் உண்டு. அவர் உயிரோடு இருக்கிறார். 1973 வரை பாட்டு அவரை நடத்திக்கொண்டு போகலாம். டீக்கடையில் யாரோ நாளிதழை வாசிக்க, காருள்ள மனுசர் நடந்துவர மாட்டார் என்ற நியாயத்தை அவர் கேட்கலாம். அவர் அதற்கு என்ன சொல்வார் என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. ஒரு தோழர் அவரைக் கோபப்பட வைக்க வேண்டும் என்றார். இன்னொருவர், 'எத்தனை பேர்னு போட்டிருக்கு?' என்று மட்டும் கேட்கட்டும் என்றார். நாங்கள் இரண்டாமவர் பக்கம்.

பல்லவிக்குத் தன்மைப் பன்மை சரியாக வரும். ஆனால் 'நாமா', 'நாங்களா'? பல மொழிகளில் இல்லாத வசதியும் ஆபத்தும் இங்கே இருக்கிறது. 'நாங்க எரிஞ்சோம்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார், நாங்கள் உங்களிடம் சொல்கிறோம், நீங்கள் பதில் சொல்லுங்கள் என்று அது கணக்குக் கேட்கிறது. 'நாம எரிஞ்சோம்' என்றால் கூட்டத்தில் நிற்கும் அத்தனை பேரும் உள்ளே வந்துவிடுகிறார்கள், பண்ணையார் வீட்டுப் பேரன் உட்பட. கல்லூரி அரங்கில் எல்லோரும் சேர்ந்து 'நாம' என்று கைதட்டிப் பாடும்போது இதமாகத்தான் இருக்கும். யார் எரிந்தார்கள், யார் எரித்தார்கள் என்ற கோடு அந்த இதத்தில் அழிந்துவிடுகிறது. நடந்ததைச் சொல்லும் வரிகளில் 'நாங்க', இனி செய்ய வேண்டியதைச் சொல்லும் வரியில் வேண்டுமானால் 'நாம' என்பது எங்கள் வழக்கம்.

அப்படியானால் 'நான்' பாட்டே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகப் பாடலாம், சொந்தக் கதையானால். விடுதியில் உங்களுக்கு நடந்தது, உங்கள் தெருவில் நீங்கள் கண்டது என்றால் அதைப் படர்க்கையில் ஒளித்துவைக்க அவசியமே இல்லை. இன்னொருவரின் 'நானை' இரவல் வாங்கும்போதுதான் கணக்குப் பார்க்கச் சொல்கிறோம். நம் பெண்களுக்கு இந்த இரவல் புதிதல்ல. பல ஊர்களில் ஆதிக்கச் சாதி வீட்டுச் சாவுக்குப் போய், அந்த வீட்டு மகளின் குரலில் 'என்னப் பெத்த அப்பா' என்று ஒப்பாரி வைப்பது சேரிப் பெண்களின் மேல் சுமத்தப்பட்ட வேலையாகவே இருந்தது. அடுத்தவர் துக்கத்தைத் தன் துக்கமாகப் பாடும் கலையை அவர்கள் அளவுக்குக் கற்றவர்கள் யாரும் இல்லை. இப்போது திசை மாறி, அந்தத் தெருவை ஒருநாளும் மிதிக்காத நண்பர்கள் அந்தப் பெண்களின் 'நானை' எடுத்து மேடையில் பாடுகிறார்கள். பிறப்பைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க நாங்கள் விரும்பவில்லை. ஆனால் அவர்களுக்குப் படர்க்கையும் முன்னிலையும் திறந்தே கிடக்கின்றன. 'நீ அந்தத் தெருவுக்குள் வா' என்று தங்கள் ஆட்களைக் கூப்பிடும் பாட்டை அவர்களால்தான் எழுத முடியும்.

உயிரோடு இருப்பவரின் கதையென்றால் விதி இன்னும் கடுமையானது. அவரிடம் கேட்காமல் அவருடைய 'நானை'த் தொடக்கூடாது. அதிலும் பாலியல் வன்கொடுமை வழக்கென்றால், பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரத்தை வெளியிடுவதே சட்டப்படி குற்றம். தன்மையில் பாடும்போது ஊர், உறவுமுறை, வயது, அன்றைக்கு உடுத்தியிருந்த துணி என்று நெருக்கமான விவரங்கள் தாமாகவே வந்து விழும். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

கொலைகாரனின் 'நான்' என்றொரு வழியும் உண்டு. பண்ணையாரே பெருமையாகப் பாடுவதுபோல் எழுதுவது. வீட்டுக்குள் காதணி போட்டுக் கேட்க நன்றாக இருக்கும். தெருமுனையில் பாடாதீர்கள். நக்கல் புரியாமல் விசில் அடிக்கும் நாலு பேர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள், அந்த விசிலை எதிரே நிற்கும் நம் பாட்டிகள் கேட்க வேண்டியிருக்கும்.

எழுதி முடித்த பாட்டைச் சோதிக்க நாங்கள் இரண்டு காரியம் செய்கிறோம். முதலில், எல்லா 'நானை'யும் 'அவர்' என்று மாற்றி ஒருமுறை பாடுகிறோம். எதுவும் குறையவில்லை என்றால் அந்த 'நான்' வெறும் அலங்காரம், எடுத்துவிடலாம். ஓரிரு வரிகள் மட்டும் செத்துப்போனால் அந்த வரிகளை '-னு' போட்டுப் பேச்சாக வைத்துக்கொள்கிறோம். பாட்டே விழுந்துவிட்டால் அது தன்மைப் பாட்டுத்தான், அப்படியே இருக்கட்டும். பிறகு, அந்தச் சம்பவமே தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, இசை இல்லாமல் பாடிக் காட்டிவிட்டு, 'பேசியது யார், இப்போது எங்கே இருக்கிறார், கதவை அடைத்தது யார்' என்று கேட்கிறோம். மேலே உள்ள மூன்றாவது வரைவைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் தங்கை ஒருத்தியிடம் பாடிக் காட்டினோம். முதல் இரண்டுக்கும் சரியாகச் சொன்னாள். மூன்றாவதுக்கு, "வந்தவங்க. ஆனா எங்கேருந்து வந்தவங்கன்னு நீங்க சொல்லவே இல்லையேண்ணா" என்றாள். இரண்டாவது கண்ணியை இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம்.